தத்து வந்த கைக்குழந்தையோடு முதல் ஆறு வாரம்: பால், தூக்கம், ஒட்டுதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் கைக்குழந்தையைத் தத்தெடுத்து வந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து உதவி செய்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, அதிலும் மூன்று மாதம் முதல் எட்டு மாதம் வரை உள்ள குழந்தைக்கு.

குழந்தையைக் கூட்டியாரப் போறோமுங்க. தத்து மையத்துல என்னென்ன கேட்டு வாங்கோணும்?

மருத்துவ அறிக்கை, தடுப்பூசி அட்டை எல்லாம் அவர்களே தருவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது குழந்தையின் பழக்கங்களை. பெற்றவர்கள் ஒப்படைத்த குழந்தை என்றால், அவர்கள் மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. அது முடிந்து, குழந்தைகள் நலக் குழு தத்துக்குத் தகுதி என்று அறிவித்த பிறகுதான் குழந்தை உங்கள் கைக்கு வரும். அதற்குள் அந்தக் குழந்தை ஒரு கையின் பிடிக்கும் ஒரு சோப்பின் வாசனைக்கும் பழகியிருக்கும்.

எந்தப் பால் பவுடர், டப்பாவில் போட்டிருக்கும் எண் என்ன, ஒரு தடவைக்கு எத்தனை மில்லி, பாட்டிலா பாலாடையா, நிப்பிள் எந்த மாதிரி, என்ன சோப்பு, என்ன எண்ணெய், விளக்கு எரியும்போது தூங்குமா, கடைசியாக எடுத்த எடை என்ன, எந்தத் தேதியில் எடுத்தது. இவ்வளவையும் எழுதி வாங்குங்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா பால் கொடுக்கும்போது ஒரு தரமாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எந்தக் கையில் பிடிக்கிறார், என்ன சொல்லித் தட்டுகிறார் என்பது எந்த அறிக்கையிலும் இருக்காது. குழந்தை படுத்திருந்த துணி ஒன்றைத் துவைக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத் துவைத்துப் போட்டுவிட வேண்டாம்.

நாலு மாசக் குழந்தைங்க. எங்களை அம்மா அப்பான்னு எப்பத் தெரிஞ்சுக்கும்?

இந்த வயதில் குழந்தை யாரைப் பார்த்தாலும் சிரிக்கும். தெரிந்த முகம், தெரியாத முகம் என்று பிரித்துப் பார்ப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். ஆறேழு மாதத்துக்கு மேல்தான் ஓர் ஆளைக் குறிப்பாகத் தேடி அழும், புது ஆளைக் கண்டால் மிரளும். ஆகவே நாலு மாதத்தில் வந்த குழந்தைக்கு நீங்கள் எதையும் தவறவிட்டுவிடவில்லை. அழுதால் ஆள் வருகிறது, வருவது அதே ஆள், அதே வாசனை, அதே குரல். இது நாளுக்குப் பத்து இருபது தடவை நடந்து நடந்துதான் ஒட்டுதல் வரும்.

எட்டு மாதத்தில் வந்த குழந்தை என்றால் கதை வேறு. அது ஆயாம்மாவைத் தேடும். கதவைப் பார்த்து அழும், பால் குறையும், உங்கள் கையில் விறைத்துக்கொள்ளும். உங்களைப் பிடிக்கவில்லை என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவரிடம் ஒட்டத் தெரிந்த குழந்தைதான் அவரைப் பிரிந்ததற்கு அழுகிறது. அந்தக் குழந்தை உங்களிடமும் ஒட்டும்.

மையத்துல நல்லாக் குடிச்சுதுன்னாங்க. இங்க வந்ததுல இருந்து பாலே குடிக்க மாட்டீங்குது. என்னங்க பண்றது?

பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாலரை மாதப் பையன், எடை 5.2 கிலோ. மையத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் 90 மில்லி, நாளுக்கு எட்டுத் தரம் குடித்தவன். வீட்டில் முதல் நாள் முழுக்கச் சேர்த்து 410 மில்லிதான் இறங்கியது. அந்த அம்மா பாசத்தோடு செய்த ஏற்பாடுகள் இவை: விலை கூடின வேறு பவுடர், மெதுவாகப் பால் வரும் புது நிப்பிள், முகத்தோடு முகம் பார்த்து மடியில் வைத்துக் கொடுப்பது. அதுவும் ஹாலில், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நடுவில். பையனுக்கோ பவுடரின் ருசி புதிது, நிப்பிள் புதிது, தன்னை உற்றுப் பார்க்கும் முகமும் புதிது. அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நிப்பிள் உதட்டில் படுவதற்கு முன்பே தலையை ஆட்டினான்.

மறுநாள் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினோம். மையத்துப் பவுடர், அதே மாதிரி நிப்பிள், உள் அறை, மங்கலான வெளிச்சம், ஓடுகிற ஃபேன். அம்மா மட்டும். குழந்தையை அவர் இடது கையில், முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி, தலை உயர்ந்திருக்கச் சாய்த்துப் பிடித்தார். மையத்துத் துணி அவர் தோளில் கிடந்தது. குழந்தை முழு விழிப்பில் இருக்கும்போது கொடுக்காமல், தூங்கி எழும் நேரத்தில் அரைக் கண்ணாக இருக்கும்போது கொடுத்தோம். தலையைத் திருப்பினால் அந்தத் தரம் அவ்வளவுதான், அரை மணி கழித்து மறுபடி. ஒரு தரத்துக்கு 50, 60 மில்லிதான் போனது, ஆனால் பத்துத் தரம் போனது. இரண்டாம் நாள் 540, நாலாம் நாள் 650, ஏழாம் நாள் 730. ஒரே தராசில் ஒரு வார இடைவெளியில் போட்ட எடை 120 கிராம் கூடியிருந்தது. இந்த வயதில் நாளுக்கு 15 முதல் 20 கிராம் ஏறினால் சரி, அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டது. இரண்டாவது வாரம் அம்மா குழந்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் திருப்பினார். பால் குடித்தபடியே ஒரு கண்ணால் அம்மாவைப் பார்ப்பான், உடனே திருப்பிக்கொள்வான். அப்புறம் பார்த்தபடியே குடித்தான்.

உங்கள் குழந்தை எப்படி மறுக்கிறது என்று கவனியுங்கள். நிப்பிள் படும் முன்பே திரும்பினால் அது மிரட்சி. இரண்டு சப்பு சப்பிவிட்டு அழுதால் பால் வருவது போதவில்லை, அல்லது மூக்கு அடைத்திருக்கிறது, அல்லது வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருக்கிறது. அந்தப் படலத்துக்கு டாக்டர் மருந்து தருவார். புரையேறி வாயோரம் வழிந்தால் ஓட்டை பெரிது. பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. எந்தக் காரணமானாலும் வாயில் திணிக்காதீர்கள். திணித்தால் மூன்று நாளில் தீர வேண்டியது மூன்று வாரம் இழுக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை மில்லிங்க கொடுக்கோணும்? பவுடர் எப்படிக் கலக்கறது?

ஆறு மாதம் வரை, எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 120 முதல் 150 மில்லி என்பது பொதுவான கணக்கு. மேலே சொன்ன பையனுக்கு அது 620 முதல் 780 வரை வரும். மில்லியை விட மூத்திரத்தை நம்புங்கள். 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாக நனைத்தால் போதிய பால் போகிறது.

நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரை மணி நேரத்துக்கு மேல் ஆற விடாமல் கலக்க வேண்டும். பவுடரில் கிருமி இருந்தாலும் சாக அந்தச் சூடு தேவை. முதலில் நீர், பிறகு பவுடர். டப்பாவோடு வரும் கரண்டியில் தலை தட்டி, பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி. உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பாட்டிலைக் குழாய் நீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, குடித்து மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். டப்பா சீக்கிரம் தீருகிறது என்று நீரைக் கூட்டினால் குழந்தை இளைக்கும், ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரைக்கும் போகும். சத்தாக இருக்கட்டும் என்று பவுடரைக் கூட்டினால் மலம் இறுகும், உடம்பில் நீர் வற்றும்.

பவுடரை மாற்றியே ஆக வேண்டும் என்றால் இரண்டு வாரம் போகட்டும். பிறகு நாளுக்கு ஒரு தரம் புதியது, அடுத்த நாள் இரண்டு தரம் என்று ஏற்றுங்கள்.

தோட்டத்துல மாடு இருக்குதுங்க. நல்ல பால். அதையே காய்ச்சிக் கொடுத்தா ஆகாதுங்களா?

ஒரு வயது முடியும் வரை வேண்டாம். மாட்டுப் பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. அதிலுள்ள புரதமும் உப்பும் சின்னச் சிறுநீரகத்துக்கு அதிகம். குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியவும் வைக்கும். நீர் கலந்தால் சரியாகிவிடும் என்பதும் இல்லை, இருக்கிற சத்தும் குறையும். ஆட்டுப் பாலில் ஃபோலிக் அமிலம் போதாது. தெருவில் கறந்து தரும் கழுதைப் பால் காய்ச்சாத பால், ஒரு சங்கு கூட வேண்டாம். ஆறு மாதம் வரை தனியாக நீரும், ஒரு வயது வரை தேனும் கொடுக்கக் கூடாது.

நான் பெக்காதவ. என்னால தாய்ப்பால் கொடுக்க முடியுமுங்களா?

சிலருக்கு முடியும். குழந்தை வருவதற்குச் சில வாரம் முன்பிருந்தே பம்ப் வைத்து நாளுக்கு எட்டுத் தரம் போல மார்பைத் தூண்ட வேண்டும், டாக்டர் பார்த்துச் சிலருக்கு மாத்திரை தருவார். அப்படியும் பெரும்பாலோருக்கு முழு வயிற்றுக்குப் பால் வராது, பவுடர் பாலும் கூடவே தேவைப்படும். தத்தெடுப்பில் குழந்தை எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியாததால் தயாராவதும் சிரமம். பாட்டிலில் குடித்துப் பழகிய நாலைந்து மாதக் குழந்தை மார்பை ஏற்றுக்கொள்ள மறுக்கலாம்.

முடியவில்லை என்றால் மனதைப் போட்டு உளப்பிக்கொள்ள வேண்டாம். பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைக்காமல், ஒவ்வொரு தரமும் கையில் ஏந்தி, ரவிக்கையைத் தளர்த்தி உடம்போடு உடம்பு பட வைத்துக் கொடுங்கள். அப்பாவும் சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் படுக்க வைத்துக்கொள்ளலாம். அவர் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பகல்ல நல்லாத் தூங்குது. ராத்திரி மட்டும் வீல்னு கத்துது. பயந்துக்குச்சுங்களா?

மையத்தில் ராத்திரி முழுக்க ஒரு விளக்கு எரிந்திருக்கும். பக்கத்துத் தொட்டிலில் ஒரு குழந்தை முனகியிருக்கும், ஆயாம்மா நடக்கும் சத்தம் கேட்டிருக்கும். உங்கள் வீட்டில் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அந்த அமைதிதான் குழந்தைக்குப் புதிது. சின்ன இரவு விளக்கும் ஃபேன் சத்தமும் இருக்கட்டும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடுகிற வீடு என்றால், குழந்தை அதற்குப் பழகிவிடும் என்று தறிக்கூடத்தை ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள். அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும்.

நாலு மாதக் குழந்தை ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுவது எந்த வீட்டிலும் நடக்கும். படுக்க வைத்து அரை மணி, முக்கால் மணியில் விழிப்பதும் அப்படித்தான், ஒரு சுற்றுத் தூக்கம் அவ்வளவுதான். எழுந்தால் முதலில் நெஞ்சில் கை வைத்து, ஆயாம்மா சொன்ன அதே வார்த்தையைச் சொல்லித் தட்டுங்கள். அடங்காவிட்டால் தூக்குங்கள். கொஞ்ச நேரம் அழ விட்டால் தானே பழகும் என்று சிலர் சொல்வார்கள். இந்தக் குழந்தைக்கு அது கூடவே கூடாது. கூப்பிட்டால் ஆள் வரும் என்பதை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரே வரிசை வையுங்கள்: துடைத்துவிட்டு, உடை மாற்றி, பால், தோளில் போட்டு ஏப்பம், ஒரே தாலாட்டு, படுக்கை.

தொட்டில் கட்டலாமுங்களா? இல்ல நடுவுல படுக்க வெச்சுக்கலாமா?

ராத்திரிக்கு உங்கள் அறையிலேயே, உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில், தனியான தட்டையான கெட்டிப் படுக்கை. மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். இருவருக்கும் நடுவில் படுக்க வைத்தால் அசந்த தூக்கத்தில் மூச்சு முட்டிவிடும் ஆபத்து உண்டு.

சேலைத் தொட்டில் நம் ஊரில் விடாத பழக்கம். துணி வளைந்து கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக் குழல் நசுங்கும். பகலில், நீங்கள் முகத்தைப் பார்த்தபடி இருக்கும்போது, தொட்டில் கம்பு போட்டுத் துணியை விரித்து ஆட்டலாம். தூங்கியதும் எடுத்துக் கீழே போடுங்கள். மையத்துக் கட்டிலில் தட்டையாகப் படுத்தே பழகிய குழந்தைக்குத் தொட்டில் புதுப் பழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்க அத்தை, அம்மிச்சி எல்லாருக்கும் குழந்தையைத் தூக்கோணும்னு ஆசை. வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க. எப்படிங்க சொல்றது?

முதல் ஆறு வாரம் பால் கொடுப்பது, குளிக்க வைப்பது, அழுதால் தூக்குவது மூன்றும் அப்பா அம்மா கையில் மட்டும் இருக்கட்டும். முடிந்தால் அதிலும் ஒருவர் கை கூடுதலாக. மையத்தில் ஷிப்டுக்கு ஓர் ஆள் மாறி மாறித் தூக்கிய குழந்தைக்கு, இங்கேயும் ஆள் மாறிக்கொண்டே இருந்தால் எது யார் என்று எப்படித் தெரியும்?

பெரியவர்களிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வேறு வேலை கொடுங்கள். "அத்தை, டாக்டரம்மா கொஞ்ச நாளைக்கு ஒரே கையில இருக்கட்டும்னு சொல்லியிருக்காங்க. நீங்க பாட்டில் மட்டும் கொதிக்க வெச்சுக் கொடுத்தா எனக்குப் பெரிய உதவிங்க அத்தை" என்றால் அவர்கள் முகம் வாடாது. பக்கத்தில் உட்கார்ந்து பாடட்டும், பேசட்டும். தொட்டில் சீர், பேர் வைக்கும் விருந்து எல்லாவற்றையும் இரண்டு மாதம் தள்ளி வைத்தால் நல்லது.

சரியாப் பால் குடிக்கலைன்னா தொக்கம் எடுக்கோணும், உரம் விழுந்திருக்கும்னு சொல்றாங்க.

வேண்டாம். தொக்கம் எடுப்பவர் குழந்தையின் வாயிலும் தொண்டையிலும் விரலையோ குழலையோ விடுகிறார். புண்ணும் தொற்றும் வரும், புரையேறும். உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டினால் கழுத்தும் மூளையும் அதிரும். பால் குடிக்காததற்குக் காரணம் எது என்று மூன்றாவது பதிலில் சொன்னபடி பாருங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், வசம்பு உரசி ஊற்றுவதும் வேண்டாம். உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதை மட்டும் நான் தடுக்க மாட்டேன். அம்மாவின் கையே தேய்த்தால் அது நல்ல ஒட்டுதல், குழந்தை உடம்பைத் தளர்த்திக் கொடுப்பது கையிலேயே தெரியும்.

எங்க குழந்தை நெம்பச் சமத்துங்க. அழவே மாட்டா. படுக்க வெச்சா அப்படியே கிடப்பா. நாங்க குடுத்து வெச்சவங்கதானே?

எல்லோரும் மெச்சுகிற இந்தக் குழந்தையைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன். பல குழந்தைகளுக்கு ஓர் ஆள் என்று இருக்கும் இடத்தில், அழுதும் நேரத்துக்கு ஆள் வராவிட்டால் சில குழந்தைகள் அழுவதையே விட்டுவிடும். பசித்தாலும் விரலைச் சப்பிக்கொண்டு கிடக்கும். தலையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டித் தானே தூங்கும்.

இந்தக் குழந்தை கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் நீங்களே எடுத்துக் கொடுங்கள். உதட்டைச் சப்புவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, சின்ன முனகல் எதற்கும் உடனே போய் நில்லுங்கள். சில வாரத்தில் அழ ஆரம்பிப்பாள். வீட்டில் இருப்பவர்கள் "குழந்தை கெட்டுப்போச்சு" என்பார்கள். உண்மையில் அது தேறிவருகிற அறிகுறி. ஆனால் சத்தத்துக்குத் திரும்பவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, கைகால் துவண்டிருக்கிறது என்றால் காது, கண், வளர்ச்சி மூன்றையும் குழந்தை மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

எது பழகறதுக்கு அழுவுறது, எது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட வேண்டியதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பழக அழுகிற குழந்தை இடையில் கண் திறந்து பார்க்கும், கொஞ்சமாவது குடிக்கும், மூத்திரம் போகும். அன்றைக்கே தூக்கிப் போக வேண்டியவை: தொடர்ந்து இரண்டு மூன்று தரம் ஒரு வாய் கூடக் குடிக்காதது, எட்டு மணி நேரமாக நனைக்காதது, உச்சி குழிவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், வலிப்பு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 காய்ச்சல் இருந்தாலே போக வேண்டும். சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அமைதியாக இருக்கும்போது 50 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 வந்தாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ காத்திருக்க வேண்டாம், ராத்திரி ஆனாலும் 108 கூப்பிடுங்கள்.

தற்காலிகமா வளர்க்கக் கொடுத்திருக்காங்க. நாளைக்குத் திருப்பிக் கொடுக்கோணும். அதிகம் ஒட்டினாக் குழந்தைக்குக் கஷ்டந்தானுங்களே?

ஒட்டாமல் வளர்த்தால்தான் குழந்தைக்குக் கஷ்டம். எட்டு மாதக் குழந்தையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: ஒருவரிடம் நன்றாக ஒட்டிய குழந்தை, பிரிவுக்கு அழுதாலும் அடுத்தவரிடம் ஒட்டிவிடும். பிரிவின் வலி பெரும்பங்கு உங்களுக்குத்தான். திருப்பிக் கொடுக்கும் நாளை ஒரே நாளாக வைக்காமல், குழந்தையை வாங்கப் போகிறவர் சில நாள் உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பால் கொடுத்துப் பழக முடியுமா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள்.

இதைச் சொல்றதுக்கே வெக்கமா இருக்குதுங்க. இத்தனை வருசம் காத்திருந்து வாங்கினோம். கையில வெச்சிருந்தா யாரோட குழந்தையோ மாதிரிதான் இருக்குது. பாசமே வரலை.

நிறையப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள் அம்மிணி. பெற்ற தாய்மாரிலும் பலருக்கு முதல் வாரங்களில் இப்படித்தான் இருக்கும். தூக்கம் இல்லை, குழந்தை முகம் பார்க்கவில்லை, வருகிறவர்கள் எல்லாம் "இப்பச் சந்தோசந்தானே" என்று கேட்கிறார்கள். கலெக்டரின் தத்து உத்தரவு வரும் வரை குழந்தை பறிபோய்விடுமோ என்ற பயமும் சிலருக்கு உள்ளே நிற்கும். பாசம் வந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்றில்லை. நேரத்துக்குப் பால் கொடுத்து, அழுதால் தூக்கி, தோளில் போட்டு நடந்தால் குழந்தைக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. உங்களுக்கு வருவது தாமதமானால் பரவாயில்லை. ராத்திரியில் ஒரு பால் நேரத்தை உங்கள் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்குங்கள்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அழுகை, சாப்பாடு இறங்காதது, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராதது, குழந்தையைத் தொடவே வெறுப்பு என்று இருந்தால் அது மனச்சோர்வு. தத்தெடுத்த தாய்க்கும் வரும், தகப்பனுக்கும் வரும். மருந்துக்கும் ஆலோசனைக்கும் நன்றாகக் கேட்கும். குழந்தையையோ உங்களையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். மையத்திலிருந்து வீடு பார்க்க வரும் சமூகப் பணியாளரிடமும் இதை மறைக்க வேண்டியதில்லை. சொன்னால் குழந்தையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர் வருவதே இந்த மாதிரிச் சிரமங்களில் உங்களுக்குத் துணை நிற்கத்தான்.